கழுத்துக்கும் தொடைக்கும் இடையே 44 மில்லி விநாடி

கையில் கஃப் கட்டி எடுக்கும் 138/86 என்பது மேற்கைத் தமனியில் உள்ள அழுத்தம். இதயம் எதிர்த்துத் தள்ளுவதும், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேருவதும் மகாதமனியின் அழுத்தம். இந்த இரண்டு இடங்களிலும் கீழ் எண்ணான டயஸ்டாலிக் ஏறக்குறைய ஒன்றுதான். சராசரி அழுத்தமும் அப்படியே. மாறுவது மேல் எண்ணான சிஸ்டாலிக் மட்டும். அழுத்த அலை இதயத்திலிருந்து விலகிப் போகப் போக அதன் உச்சி கூர்மையாகி உயர்கிறது. இளம் வயதில் மகாதமனியைவிடக் கையில் 20 புள்ளிக்கு மேல்கூட அதிகமாகக் காட்டும். வயதாக ஆக மகாதமனி விறைத்து, கீழிருந்து திரும்பும் அலை சீக்கிரமே வந்து சேர்ந்துகொள்வதால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஆகவே கையில் ஒரே எண் காட்டும் இரண்டு பேரின் இதயம் சுமக்கும் பாரம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மகாதமனியின் அழுத்தத்தையும் விறைப்பையும் அளக்க ஒரே அமர்வில் இரண்டு வேலை நடக்கும். மணிக்கட்டில் நாடி அலையின் வடிவத்தைப் பிடித்து அதிலிருந்து மகாதமனி அழுத்தத்தைக் கணிப்பது ஒன்று. கழுத்திலிருந்து தொடை வரை அலை ஓடும் வேகத்தை எடுப்பது மற்றொன்று; தமனி விறைக்க விறைக்க அலை வேகமாக ஓடும். கையில் இருப்பது தோலின் மேல் வைத்து நாடி அலையைப் பதியும் பேனா போன்ற டோனோமீட்டர், மூன்று ஈசிஜி ஒயர், கஃப் உள்ள பிபி கருவி, நீளம் எடுக்க ஒரு காலிப்பர்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓய்வு. காபி, டீ, சிகரெட் எதுவும் மூன்று மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மல்லாக்கப் படுத்துப் பத்து நிமிடம். பேசக் கூடாது, தூங்கவும் கூடாது. தூங்கினால் அழுத்தம் இறங்கி வேகமும் கூடவே இறங்கும். அவசரத்தில் பலர் வெட்டுவது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். அறைக்குள் நடந்து வந்தவரை உடனே படுக்கவைத்து எடுத்த எண்ணில் பாதி அவருடைய பதற்றம்.

ஓய்வு முடிந்ததும் படுத்த நிலையிலேயே கையில் பிபி எடுக்க வேண்டும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மணிக்கட்டு டோனோமீட்டர் அலையின் வடிவத்தைத்தான் தருகிறது, அழுத்தத்தின் எண்ணைத் தருவதில்லை. அந்த வடிவத்தின் அடிக்கு டயஸ்டாலிக்கையும் உச்சிக்கு சிஸ்டாலிக்கையும் பொருத்துவது கஃப் ரீடிங். கஃப் சின்னதாகப் போய் 8 புள்ளி கூட்டிக் காட்டினால், திரையில் வரும் மகாதமனி அழுத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடியே வரும். அதாவது மகாதமனி அழுத்தம் கை ரீடிங்கைத் திருத்தும் தனி நீதிபதி அல்ல. அதே ரீடிங் மேல் நிற்கும் கணக்கு. இன்னொரு சிக்கலும் உண்டு. சில கருவிகள் சிஸ்டாலிக்குக்குப் பதிலாகச் சராசரி அழுத்தத்தையும் டயஸ்டாலிக்கையும் வைத்து அலையைப் பொருத்தும். அந்த வழியில் மகாதமனி சிஸ்டாலிக் பொதுவாகச் சற்று அதிகமாகவே வரும். ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு முன் எந்த முறை என்று பார்க்காவிட்டால், மருந்து வேலை செய்ததா கருவி மாறியதா என்று சொல்ல முடியாது.

மணிக்கட்டில் பிடிப்பது கைப்பழக்கம். கையை லேசாகப் பின்னுக்கு வளைத்து, அடியில் சுருட்டிய துணி வைத்தால் நாடி எலும்பின் மேல் வந்து உட்காரும். டோனோமீட்டரைச் செங்குத்தாக வைத்து, தமனியின் மேல்சுவர் தட்டையாகும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். அழுத்தம் குறைந்தால் அலை உயரம் குறைந்து ஆடும். அதிகமானால் அலையின் அடிப்பகுதி சப்பென்று தட்டையாகி, கீழிறங்கும் கோடு திடீரென முறிந்ததுபோல் தெரியும். நல்ல பதிவில் பத்து விநாடிக்கும் எல்லா அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பொருந்தும். கருவி தரும் தர மதிப்பெண் 80-க்கு மேல் இருந்தாலும் அலையைக் கண்ணால் பார்க்காமல் சேமிக்கக் கூடாது. ஒரே மாதிரி தப்பாக இருக்கும் அலைகளுக்கும் நல்ல மார்க் கிடைக்கும்.

அடுத்து வேகம். இதன் கணக்கு எளிது: தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். வலது கழுத்தில் கரோட்டிட் தமனி துடிக்கும் இடத்திலும், வலது இடுப்பு மடிப்பில் தொடைத் தமனி துடிக்கும் இடத்திலும் பேனாவால் புள்ளி வைக்கிறோம். ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் கூர்மையாக எழும் ஆர் அலையிலிருந்து கழுத்தில் அலையின் அடி எழும் நேரம் ஒன்று, தொடையில் எழும் நேரம் ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் அலை பயணித்த நேரம். உச்சியை எடுக்காமல் அடியை எடுப்பதற்குக் காரணம், திரும்பி வரும் அலை உச்சியைக் குழப்பிவிடும். அடியை அது தொடுவதில்லை.

தூரத்தில்தான் குழப்பம் அதிகம். கழுத்திலிருந்து தொடைக்கு நேராக அளக்கும் நீளம் அலை போகும் உண்மையான பாதையைவிட அதிகம். ஏனென்றால், அலை மகாதமனியின் தொடக்கத்திலிருந்து ஒரு பக்கம் கழுத்துக்கு ஏறும்போதே மறுபக்கம் கீழே இறங்குகிறது. அதனால் 2012-இல் வந்த ஐரோப்பிய நிபுணர் குழுவின் உடன்பாடு நேர் நீளத்தை 0.8-ஆல் பெருக்கச் சொன்னது. இதற்கு மேல் போனால் தமனி விறைத்தது என்று கொள்ளும் பழைய எல்லையான விநாடிக்கு 12 மீட்டர் 10 ஆக மாறியதும் இதனால்தான்: 12-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 9.6, அதை முழுமையாக்கினால் 10. எந்த நீளம் என்று எழுதாத பழைய ரிப்போர்ட்டை இன்றைய எல்லையோடு ஒப்பிடவே கூடாது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். 54 வயது ஒருவர். கையில் 138/86, மருந்து எதுவும் இல்லை. காலிப்பரில் நேர் நீளம் 600 மி.மீ.; 0.8-ஆல் பெருக்க 480 மி.மீ. ஆர் அலையிலிருந்து கழுத்துக்கு 80 மில்லி விநாடி, தொடைக்கு 124. வித்தியாசம் 44.

```
480 / 44 = 10.9 m/s
480 / 46 = 10.4 m/s
```

இரண்டாவது வரி மறுபதிவு: 81-உம் 127-உம். இரண்டுக்கும் இடையே 0.5-க்கு மேல் போகவில்லை என்பதால் சராசரி 10.7 என்று எழுதுகிறோம். 0.5-ஐத் தாண்டியிருந்தால் மூன்றாவது பதிவு எடுத்து, நடுவில் நிற்கும் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

இந்த எண்கள் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்று பாருங்கள். நேரத்தில் ஒரே ஒரு மில்லி விநாடி பிசகினால் வேகம் 0.24 மாறும். நீளத்தில் 2 செ.மீ. கூடினால் 10.9 என்பது 11.3 ஆகும். தொப்பை இருப்பவரிடம் டேப்பை வயிற்றின் வளைவோடு இழுத்தால் அந்த 2 செ.மீ. தாராளமாகவே வந்துவிடும், மார்பின் மேல் டேப் ஏறினாலும் அப்படியே. தமனி தொப்பையைச் சுற்றிப் போவதில்லை. காலிப்பர் இல்லையென்றால் புள்ளிகளுக்கு நேர் மேலே ஒரு நேர்கோலை உடலுக்கு இணையாகப் பிடித்தாவது அளக்க வேண்டும்.

கழுத்தும் தொடையும் ஒரே நேரத்தில் பதிவாகாத கருவியில் இன்னொரு பொறி இருக்கிறது. ஆர் அலைக்கும் வால்வு திறப்பதற்கும் இடையே கொஞ்ச நேரம் போகிறது. இரு பதிவுகளிலும் அந்த நேரம் ஒன்றாக இருந்தால் கழிக்கும்போது மறைந்துவிடும். ஆனால் கழுத்தில் எடுக்கும்போது நாடி 68-உம், தொடையில் துணியை விலக்கிய கூச்சத்தில் 78-உம் இருந்தால் அது மறையாது, விடை பிசகும். இரண்டு பதிவுகளின் நாடித் துடிப்பை அருகருகே பார்ப்பது எங்கள் முதல் சோதனை. ஐந்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையுமே திரும்ப எடுக்கிறோம். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவரிடம் இந்த எண்ணுக்கு நம்பகம் இல்லை. எடுக்காமல் இருப்பது நல்லது. கழுத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. ஒரு பக்கமே ஆனாலும் அழுத்தும்போது நாடி சட்டென்று குறைந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

சரி, 10.7 என்ன சொல்கிறது? ஆரோக்கியமானவர்களிடம் 30 வயதுக்குள் 6-ஐ ஒட்டியும், ஐம்பதுகளில் 8-ஐ ஒட்டியும், அறுபதுகளில் 10-ஐ ஒட்டியும் இருக்கும். ஆகவே 54 வயதில் 10.7 என்பது வயதுக்கு மிஞ்சிய விறைப்பு. 138/86 எல்லைக்கோட்டில் நிற்கும் ரீடிங். அதை மட்டும் வைத்து, காத்திருக்கலாமா மருந்தா என்று தயங்கும் மருத்துவருக்கு, தமனி ஏற்கனவே அடி வாங்கியிருக்கிறது என்பதற்கு இது தடயம். அதே 10.7 ஒரு 75 வயதுக்காரரிடம் வந்தால் பெரிய செய்தி இல்லை. எல்லா வயதுக்கும் ஒரே 10 என்ற எல்லையின் பலவீனம் அது.

வேகம் அழுத்தத்தோடு கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. தமனிச் சுவர் இழுபட்டால் கடினமாகும். அதனால் ரிப்போர்ட்டில் வேகத்துக்குப் பக்கத்திலேயே அந்த நேரத்துச் சராசரி அழுத்தத்தையும் எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்து 10.7 என்பது 9.9 ஆகி, சராசரி அழுத்தமும் 12 புள்ளி குறைந்திருந்தால், சுவர் இளகியது என்று கொண்டாட முடியாது. அழுத்தம் குறைந்ததன் நிழலாகவே அது இருக்கலாம்.

மகாதமனி அழுத்தம் உண்மையில் உதவும் இடங்கள் இதைவிடக் குறைவு என்பது எங்கள் கருத்து. இரண்டைச் சொல்லலாம். உயரமான, விளையாடும் 20 வயதுப் பையனுக்குக் கையில் 146/74 காட்டி, மகாதமனியில் 120 மட்டுமே இருந்தால், அது பெரும்பாலும் அலை பெரிதானதால் வந்த எண். உடனே மாத்திரை எழுதாமல் கவனித்து வரலாம். விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. மற்றொன்று மருந்துத் தேர்வு. 2006-இல் வெளியான கஃபே ஆய்வில், பிபி மருந்துகளான அட்டெனலால் வழி சிகிச்சையிலும் அம்லோடிபின் வழி சிகிச்சையிலும் கை ரீடிங் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் மகாதமனி சிஸ்டாலிக் அம்லோடிபின் குழுவில் 4.3 புள்ளி குறைவு. அட்டெனலால் நாடியை மெதுவாக்குவதால் இதயம் சுருங்கும் நேரம் நீள்கிறது. திரும்பும் அலை அதற்குள் வந்து சேர்ந்து உச்சியை ஏற்றிவிடுகிறது.

கையில் கட்டிய கஃப் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு "நாடி அலை வேகம்" என்று அச்சடித்துத் தரும் கருவிகளும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அந்த எண் பெரும்பாலும் நீங்கள் தட்டிய வயதிலிருந்தும் சிஸ்டாலிக்கிலிருந்தும் வருகிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது: அதே ஆளுக்கு, அதே இருக்கையில், வயதை மட்டும் பத்து ஆண்டு கூட்டிப் போட்டு மறுபடி எடுங்கள். கை ரீடிங் அப்படியே இருக்க வேகம் மட்டும் தாவினால், அங்கே எந்தத் தூரமும் நேரமும் அளக்கப்படவில்லை.