போர்ட் 0-வும் தலைகீழாகச் செருகிய ரெசிஸ்டர் பேங்கும்

நேற்று இரவு பத்தரை மணிக்கு எட்டு எல்ஈடி பட்டைகளும் வரிசையாக ஓடின. நான்கு நாளாக ஒன்றுகூட எரியாமல் இருந்த போர்டு இது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதற்குள் எங்கள் தெரு வளைவுக்கு ஓடும் விளக்கு செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மானம் போய்விடுமோ என்ற கவலையிலேயே இருந்தேன்.

சிப் பழைய 8051 குடும்பத்து ஏடி89எஸ்52. அதிலிருந்து யூஎல்என்2803 டிரைவர் ஐசி, அதிலிருந்து அரை மீட்டர் நீளத்தில் 12 வோல்ட் எல்ஈடி பட்டை எட்டு. ஒரு பட்டை சுமார் 200 மில்லிஆம்ப் இழுக்கும். போர்ட் 1-இல் மூன்று பின் புரோகிராமருக்குப் போய்விட்டது, போர்ட் 2-இல் டிஸ்ப்ளே, போர்ட் 3-இல் சுவிட்சும் சீரியலும். எட்டு பின்னும் முழுசாகக் காலியாக இருந்தது போர்ட் 0 மட்டும்தான்.

போர்ட் 0-வுக்கு வெளியே, பின்னை 5 வோல்ட் பக்கம் தூக்கும் புல்-அப் ரெசிஸ்டர் வேண்டும் என்பது 8051 தொட்ட எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் முதல் நாள் போடவில்லை. காரணம், அதே போர்ட்டில் முன்பு எட்டு எல்ஈடி வைத்து ஓட்டிப் பார்த்திருந்தேன், புல்-அப் இல்லாமலே அழகாக ஓடியது. அந்த எல்ஈடிகள் 5 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாக வந்து பின்னில் முடிந்தன. பின் 0 ஆனால் எரியும், 1 ஆனால் அணையும். போர்ட் 0 கீழே இழுப்பதில் கெட்டிக்காரன், அதனால் அங்கே குறை தெரியவே தெரியாது. யூஎல்என் நேர் எதிர். அதன் இன்புட்டுக்குள் கரண்ட் தள்ளினால்தான் அது வேலை செய்யும்.

தள்ள முடியாதது ஏன் என்று ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது. போர்ட் 1, 2, 3 மூன்றிலும் ஒவ்வொரு பின்னுக்கும் கீழே கிரவுண்டுக்கு இழுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், மேலே உள்ளேயே ஒரு பலவீனமான புல்-அப். லாட்ச்சில் 1 எழுதினால் கீழ் டிரான்சிஸ்டர் விட்டுவிடும், புல்-அப் பின்னை மேலே தூக்கும். போர்ட் 0-விலும் கீழ் டிரான்சிஸ்டர் இருக்கிறது, மேலேயும் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த மேல் டிரான்சிஸ்டர் வெளி மெமரியோடு பேசும்போது மட்டும்தான் விழிக்கும். நாம் சாதாரணமாக `P0 = 0xFF` என்று எழுதினால் கீழ் டிரான்சிஸ்டர் அணையும், மேலே ஏற்கெனவே அணைந்தே இருக்கும். பின் எதிலும் ஒட்டாமல் தொங்கும்.

1980-இல் இன்டெல் இப்படி அமைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வெளி மெமரி வைத்தால் இதே எட்டு பின்களில்தான் முதலில் முகவரியின் கீழ்ப்பாதி வெளியே போகும், அடுத்த நொடித்துளியில் டேட்டா உள்ளே வரும். முகவரி அனுப்பும்போது 1-ஐ வலுவாகத் தள்ள வேண்டும், அதற்குத்தான் அந்த மேல் டிரான்சிஸ்டர். டேட்டா வாங்கும்போது 8051 பஸ்ஸை விட்டு முழுசாக ஒதுங்க வேண்டும், மெமரி சிப் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கட்டும் என்று. அதனால்தான் இங்கே மட்டும் நிரந்தர புல்-அப் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். நாம் வெளி மெமரி வைப்பதில்லை, ஆகவே மேலே தூக்கும் வேலை நம் தலையில்.

சரி, மீட்டர் வைத்தேன். எட்டு பின்னிலும் 1 எழுதியும் 0 வோல்ட்தான். யூஎல்என்னுக்குள் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ரெசிஸ்டர்கள் இருப்பதால் தொங்கும் பின்னை அதுவே கீழே இறக்கிவிடுகிறது. வேறு கோளாறு இல்லை என்று நிம்மதியாகி, பெட்டியில் கிடந்த 10 கே ரெசிஸ்டர் பேங்கை எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. சிப்பின் 40-ஆம் பின் 5 வோல்ட். அதற்கு அடுத்து 39-இலிருந்து 32 வரை பி0.0 முதல் பி0.7. ஆக ஒன்பது பின்கள் ஒரே வரிசை. ரெசிஸ்டர் பேங்கும் ஒன்பது கால்: ஒன்று பொது, எட்டு தனித்தனி. சிப்புக்குப் பக்கத்து வரிசையில் அப்படியே செருகினால் ஒரு வயர்கூட வேண்டாம். செருகினேன். விளக்கு எரியவில்லை.

மறுபடி மீட்டர். 32-ஆம் பின்னில் 1 வோல்ட், மற்ற ஏழிலும் அரை வோல்ட் சொச்சம். புல்-அப் இருந்தும் ஏறவில்லை. யூஎல்என்னைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், எட்டிலும் சுத்தமாக 5 வோல்ட். அப்படியானால் யூஎல்என் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். வேறொன்று போட்டேன், அதே கதை. மூன்றாவது வாங்க வேலூருக்கு பஸ் ஏறினேன்.

லாங் பஜார் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் நிலவரத்தைச் சொன்னேன். “ரெண்டு ஐசி சேர்ந்து கெடாது தம்பி. நீ ஒவ்வொரு பின்னா இறக்கிப் பாத்தியா?” என்றார் கடைக்காரர். “இல்லண்ணே, எல்லாத்தையும் ஒண்ணா ஏத்திதான் பாத்தேன்” என்றேன். “அப்படிப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டிருந்தாலும் தெரியாதே.” யூஎல்என் வாங்காமலே திரும்பினேன்.

யூஎல்என் இல்லாமல், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பின்னை மட்டும் இறக்கும் புரோகிராம் இது:

```c
for (i = 0; i < 8; i++) {
    P0 = ~(1 << i);
    delay_ms(3000);
}
```

முதல் சுற்றில் 39-ஆம் பின் 0, மற்ற ஏழும் 5 வோல்ட் காட்ட வேண்டும். 38-இல் வைத்தால் 2.5. 37-லும் 2.5. எட்டாவது சுற்றில் 32-ஆம் பின் இறங்கியதும் எட்டுமே 0. அந்த 2.5-ஐப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இரண்டு சம ரெசிஸ்டர் தொடராக நின்றால்தான் சரியாகப் பாதி வரும். பேங்கைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன்.

பொதுக்கால் 40-இல் உட்கார வேண்டியது, 32-இல் உட்கார்ந்திருந்தது. 5 வோல்ட் ஒரே ஒரு 10 கே வழியாக 32-க்கு வந்து, அங்கிருந்து இன்னொரு 10 கே வழியாக ஒவ்வொரு பின்னுக்கும் போகிறது. சுமை இல்லாதபோது கரண்டே ஓடாது, அதனால் எட்டிலும் 5 வோல்ட் காட்டி ஏமாற்றியது. யூஎல்என்னைப் போட்டால் எட்டு சேனலும் அந்த ஒரே 10 கே-வைப் பங்கு போட்டு 1 வோல்ட்டுக்கு இறக்கிவிடும். யூஎல்என் விழிக்க 1.4 வோல்ட்டாவது வேண்டும், பிறகு எங்கே எரிவது?

பேங்கின் ஒரு ஓரத்தில் பொதுக்காலுக்கு நேராக ஒரு புள்ளி இருக்கும். என்னுடையதில் அந்தப் புள்ளி அழிந்து, எழுத்து இருந்த பக்கமும் மங்கிப் போயிருந்தது. இனி மீட்டர் வைக்காமல் செருகப் போவதில்லை. பொதுக்காலிலிருந்து எந்தக் காலுக்கு வைத்தாலும் 10 கே காட்டும். மற்ற எந்த இரண்டு கால்களுக்கு நடுவிலும் 20 கே. அரை நிமிட வேலை.

திருப்பிச் செருகியதும் எட்டும் எரிந்தன. ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் கொஞ்சம் மங்கல். பின்னில் 2.2 வோல்ட். கணக்குப் போட்டால் அது சரிதான்: 5-இல் 1.4 கழித்தால் 3.6, அது வெளியே உள்ள 10 கே, யூஎல்என்னுக்குள் உள்ள 2.7 கே இரண்டையும் தாண்ட வேண்டும். கிடைப்பது 0.28 மில்லிஆம்ப். 100 மில்லிஆம்ப் சுமைக்கு 0.25, 200-க்கு 0.35 கொடு என்கிறது டேட்டாஷீட். ஆறு சேனல் தாராளமாகத் தாக்குப்பிடித்தது, இரண்டு திணறியது.

அப்படியானால் 1 கே போட்டால் என்ன? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். பின் 0 ஆகும்போது புல்-அப்பின் கரண்ட் முழுவதும் சிப்புக்குள் போகும். 1 கே என்றால் ஒரு பின்னுக்கு 5 மில்லிஆம்ப், எட்டும் இறங்கினால் 40. போர்ட் 0 முழுவதற்கும் சேர்த்து ஏடி89எஸ்52-இன் எல்லை 26 மில்லிஆம்ப். விளக்கு எல்லாம் அணைந்து சும்மா இருக்கும் நேரத்தில்தான் சிப்பை வதைக்கிறோம் என்பது வெளியே தெரியாது. 3.3 கே-வில் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. யூஎல்என்னுக்கு 0.6 மில்லிஆம்ப், பின்னில் 3 வோல்ட். கீழே இறங்கும்போது ஒரு பின்னுக்கு 1.5, மொத்தம் 12.

332 என்று அச்சிட்ட 3.3 கே பேங்க் வேலூரில் கிடைக்கவில்லை, எல்லாக் கடையிலும் 103 மட்டும்தான். ரிச்சி ஸ்ட்ரீட் போகிற நண்பனிடம் பத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்கு எட்டு தனி ரெசிஸ்டரை நிற்க வைத்து சால்டர் செய்து, மேல் முனைகளை ஒரே கம்பியில் கோத்திருக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் மூன்றாவதும் ஆறாவதும் மற்றவற்றோடு சமமாக எரிகின்றன. இந்தச் சித்திரை வெயிலில் யூஎல்என் சூடேறுவதால் ஒரே நேரத்தில் நான்கு பட்டைக்கு மேல் ஏற்றாமல் பேட்டர்னை அமைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். சப்ளை கொடுத்தவுடன் எட்டு பட்டையும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைகின்றன. ரீசெட்டில் எல்லா போர்ட் லாட்ச்சும் `0xFF` ஆகிவிடும், புல்-அப் இருப்பதால் அது அப்படியே யூஎல்என்னுக்குப் போகிறது. விளக்குக்குப் பரவாயில்லை. ஆனால் இதே போர்டை மாமாவின் கிணற்று மோட்டாருக்கு வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் ஒவ்வொரு முறையும் ரிலே ஒரு உதறு உதறினால் மோட்டார் என்ன ஆகும்? அதற்கு பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்து, பின் 0 ஆனால்தான் ரிலே இழுக்கும்படி மாற்ற வேண்டும். பேஸுக்கு 4.7 கே போதும் என்று தோன்றுகிறது, ரிலேயின் காயிலை அளந்துவிட்டுச் சொல்கிறேன்.

வளைவுக்கான பெட்டியில் இன்னும் ஓட்டைகூடப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை.