பச்சைப் புள்ளி

மார்ச் 3, திங்கள்
வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்
இரவு பதினோரு மணிக்கு, ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாமல், என் போனில் லிங்க்ட்இனைத் திறந்தேன். வேலை தேடுவதை எல்லோருக்கும் காட்டினால் போட்டோவைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிடும். "Recruiters only" என்றால் வளையம் கிடையாது. ரெக்ரூட்டர் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். அதைத்தான் தொட்டேன். நம் கம்பெனியின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்களாம், ஆனால் முழு உத்தரவாதம் இல்லையாம். அந்த ஒரு வரி தூங்கவிடவில்லை.

மார்ச் 5, புதன்
"என்னம்மா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்றார் மேனேஜர். வயிற்றில் புளியைக் கரைத்தது.

மார்ச் 8, சனி
அண்ணியிடம் மட்டும் சொன்னேன். ஆள் எடுக்கும் வேலையிலேயே இருப்பவர். என் பக்கத்தைப் பார்த்ததும், "உன் கம்பெனி லோகோ எங்கேம்மா?" என்றார். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டடப் படம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டியலிலிருந்து எடுக்காமல் பெயரை நானே அடித்திருக்கிறேன். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று லிங்க்ட்இனுக்குத் தெரிந்தால்தானே அங்கே இருப்பவர்களிடமிருந்து என்னை மறைக்கும்? நான்கு நாள் திறந்த வீடாகக் கிடந்திருக்கிறேன்.

உடனே திருத்தப் போனேன். "இரு, முதல்ல இதை அணை" என்று "Notify network" பொத்தானைக் காட்டினார். அது ஆன் ஆகியிருந்தால், திருத்தத்தைத் தொடர்பில் இருக்கும் எல்லோருக்கும் தெரிவித்துவிடக்கூடும். மேனேஜரும் அதில் ஒருவர். அணைத்தேன். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். லோகோ வந்தது.

"ஆனா உங்க கம்பெனிக்கு ஆள் பிடிச்சுத் தர்ற வெளி கன்சல்டன்சிக்கு நீ தெரிவ. அதை மறைக்க வழியில்லை."

மார்ச் 9, ஞாயிறு
பெயருக்குப் பக்கத்தில் வரும் பச்சைப் புள்ளியையும் அணைத்தேன். நள்ளிரவில் நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரிய வேண்டாம்.

மார்ச் 11, செவ்வாய்
மற்ற கம்பெனிக்காரர்களின் பக்கங்களைப் பார்க்க "Private mode" போட்டேன். என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இலவசக் கணக்கு என்பதால், என்னை யார் பார்த்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்த நான்கு நாளில் மேனேஜர் பார்த்தாரா? நான் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும். பார்த்திருப்பாரா?

மார்ச் 13, வியாழன்
பார்த்திருக்க மாட்டார்.

மார்ச் 14, வெள்ளி
கன்சல்டன்சியிலிருந்து போன். மாடிப்படிக்கு ஓடினேன். ரெஸ்யூமே அனுப்பச் சொன்னார், கம்பெனி பெயரை அப்புறம் சொல்வாராம். அண்ணி சொல்லிக்கொடுத்தபடி, பெயர் தெரியாமல் அனுப்ப மாட்டேன் என்று உறுதியாகச் சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். எங்கள் குழுமத்தின் இன்னொரு கம்பெனி. வேண்டாம் என்றேன். என் பெயரை எங்கும் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சரி என்றார். கை நடுக்கம் நிற்கச் சாயங்காலம் ஆனது.

மார்ச் 17, திங்கள்
நாளை நான்கு மணிக்குத் தனியாகப் பேச வேண்டும் என்று மேனேஜர் அழைப்பு அனுப்பியிருக்கிறார். எதற்கு என்று போடவில்லை.