நடந்துதான் வந்தேன், ஆனாலும் எலும்பு விட்டிருந்தது

எங்கள் பக்கத்தில் யாருக்காவது கால் பிசகினால் முதலில் கேட்கும் கேள்வி, "நடக்க முடியுதா?" என்பதுதான். நடந்தால் சுளுக்கு, நடக்க முடியாவிட்டால் முறிவு. இந்தக் கணக்கில் பாதி சரி. மீதிப் பாதி எங்கே தவறும் என்பதை விபத்துப் பிரிவில் செவிலியராக வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ பேர் காலில் பார்த்திருக்கிறேன். இந்த மாசியில் என் காலிலேயே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் வயல். சம்பா அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து நன்றாக எழும்பி நின்றது. அறுக்கும்போது வயலில் ஈரம் இருந்ததால் டயர் வண்டி இறங்கவில்லை, செயின் வண்டிதான் அறுத்தது. அது போன தடமெல்லாம் அப்படியே காய்ந்து இறுகிவிட்டது. மேலே உளுந்துச் செடி மூடியிருந்ததால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வரப்பிலிருந்து இறங்கினேன். கால் வைத்தது தடத்தின் விளிம்பில். உள்ளங்கால் உள்பக்கமாகத் திரும்பி, உடம்பின் கனம் முழுவதும் பாதத்தின் வெளி ஓரத்தில் விழுந்தது.

கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார்ந்துவிட்டு எழுந்தேன். வலித்தது, ஆனாலும் தாங்கித் தாங்கி வீடு வரை நடந்து வந்துவிட்டேன். அதற்குள் வெளிக்கணுவுக்கு முன்னால் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது.

"அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கே, எலும்புக்கு ஒண்ணும் இருக்காதும்மா. சுளுக்குத்தான். வழிச்சு விட்டு உப்பும் புளியும் காய்ச்சிப் பத்து போட்டா ராத்திரிக்குள்ள வாங்கிடும்" என்றார் என் மாமியார்.

"இருங்க அத்தை, முதல்ல அமுக்கிப் பாத்துடுவோம். அது வரைக்கும் யாரும் வழிக்க வேண்டாம்" என்றேன். முறிவு இருக்கிற காலை வழித்தால் விலகாத துண்டும் விலகலாம். வெறும் சுளுக்காக இருந்தாலும், முதல் இரண்டு மூன்று நாளைக்குத் தேய்ப்பதும் சூடு வைப்பதும் வீக்கத்தைக் கூட்டத்தான் செய்யும்.

அமுக்கிப் பார்ப்பது என்று நான் சொன்னது ஒட்டாவா விதிகளை. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 1992இல் வெளியிட்டவை இவை. கால் பிசகி வருகிறவர்களில் எலும்பு முறிந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவு. ஆனால் எக்ஸ்ரே மட்டும் கிட்டத்தட்ட எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எடுக்காமல் விடலாம் என்று துணிந்து சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. இந்த விதிகளை இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். விதியில் மாட்டாவிட்டால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாட்டினால் முறிவு என்று அர்த்தமில்லை, படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம். அப்படி எடுத்தவர்களிலும் பலருக்கு எலும்பு நன்றாகவே இருக்கும்.

என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அமுக்கச் சொன்னேன். நம் காலை நாமே அமுக்கினால் வலிக்கிற இடத்தில் விரல் தானாகவே இளகிவிடும். அதனால் அடுத்தவர் கைதான் நல்லது. இன்னொன்று, வலிக்கிற இடத்துக்கு நேராகப் போகக் கூடாது. முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்பக்கத்தில் தொடங்கிக் கீழே இறங்கி வர வேண்டும். கணுக்கால் முறுக்கிய வேகம் சில நேரம் மேலே ஏறி, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை முழங்காலுக்குப் பக்கத்தில் உடைத்துவிடும். ஒட்டாவா விதியில் அந்த இடம் கிடையாது, ஆனாலும் பார்த்துவிடுவது என் பழக்கம். எனக்கு அங்கே வலி இல்லை.

அடுத்தது வெளிக்கணு. பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான். கால் உள்பக்கம் மடங்கும்போது முதலில் இழுபடுவது வெளிக்கணுவின் முன்பக்கத்திலிருந்து பாதத்துக்குப் போகிற தசைநார். அதனால் எந்தச் சுளுக்காக இருந்தாலும் கணுவுக்கு முன்னாலும் கீழேயும் அமுக்கினால் உயிர் போகும். அந்த வலியை வைத்து எலும்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. விதி சொல்வது கணு எலும்பின் பின் ஓரத்தை. கணுவின் நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்டிமீட்டர், அதாவது நான்கு விரல் அகலத்துக்குச் சற்றுக் குறைவான தூரம். குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து, பின்னாலிருந்து எலும்பின்மேல் அழுத்தி வர வேண்டும். பிறகு கணுவின் நுனி. உள்கணுவிலும் இதே மாதிரிதான். பின் ஓரத்தில் 6 சென்டிமீட்டர், அப்புறம் நுனி.

மகள் முன்பக்கம் தொட்டபோது அலறிவிட்டேன். பின் ஓரத்தில் அழுத்தியபோது அழுத்தம் தெரிந்தது, வலி இல்லை. நுனியிலும் இல்லை. உள்பக்கம் சுத்தமாக ஒன்றும் இல்லை.

நடையைப் பற்றியும் விதியில் உண்டு, ஆனால் ஊரில் கேட்கிற மாதிரி இல்லை. அடிபட்ட உடனேயும் நான்கு அடி வைக்க முடியவில்லை, மருத்துவமனையில் பரிசோதிக்கும்போதும் முடியவில்லை என்றால்தான் அது கணக்கு. இரண்டு வேளையும் முடியாமல் இருக்க வேண்டும். நொண்டினாலும் சரி, ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை கனத்தை மாற்றி வைத்தால் நடந்ததாகத்தான் கொள்ள வேண்டும். நான் வீடு வரை நடந்தவள், ஆகவே நடையிலும் தேறிவிட்டேன்.

கணுக்காலுக்கு எக்ஸ்ரே தேவையில்லை என்பது இவ்வளவில் முடிவாகிவிட்டது. மாமியார் புளியைக் கரைக்கவே போய்விட்டார். ஆனால் விதியில் பாதத்துக்கென்று இன்னும் இரண்டு இடங்கள் மிச்சம் இருந்தன. ஒன்று உள்பக்கம், உள்கணுவுக்குச் சற்று முன்னாலும் கீழேயும் துருத்தி நிற்கிற படகெலும்பு. மற்றொன்று வெளி ஓரத்தில். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் ஓரமாகவே குதிகாலை நோக்கி விரலை நகர்த்திக்கொண்டு வந்தால், பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும். சுண்டுவிரலுக்குரிய நீண்ட பாத எலும்பின் அடி அது. எலும்பு விடாத காலிலும் இந்த மேடு இருக்கும், உங்கள் பாதத்தில் இப்போதே தொட்டுப் பார்க்கலாம்.

மகள் அந்த மேட்டில் விரல் வைத்தாள். கணுவுக்கு முன்னால் இருந்த வலி பரந்து கிடந்தது. இது ஒரே புள்ளியில், ஊசியால் குத்துகிற மாதிரி இருந்தது. வீக்கம் அங்கே அவ்வளவாக இல்லை என்பதால் யார் கண்ணும் அந்தப் பக்கம் போயிருக்காது.

"ஏங்க, வண்டியை எடுங்க. படம் எடுத்துடலாம்" என்று கணவரிடம் சொன்னேன். பாதத்தின் நடுப்பகுதியில் வலி இருந்து, இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் எலும்பு அமுக்க வலித்தாலே பாதத்துக்கு எக்ஸ்ரே வேண்டும். மற்ற எல்லாம் தேறியிருந்தாலும் இது ஒன்று போதும்.

மருத்துவமனையில் வீக்கத்தைப் பார்த்தவுடன் பணியில் இருந்த மருத்துவர் கணுக்காலுக்குப் படம் எழுதப் போனார். கணுக்காலுக்கு எடுக்கும் படத்தில் இந்த எலும்பின் அடி சில நேரம் ஓரத்தில் விழும், சில நேரம் விழாது. "சார், கணு எலும்பில் வலி இல்லை, வெளி ஓரத்து மேட்டில்தான் இருக்கிறது" என்று விரலை வைத்துக் காட்டினேன். அவரும் அமுக்கிப் பார்த்துவிட்டு, பாதத்துக்கு நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றும் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். சாய்வுப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. மேட்டின் நுனியில் ஒரு சின்னத் துண்டு, எலும்புக்குக் குறுக்காக ஒரு கோடு. பாதம் உள்பக்கம் மடங்கும்போது அந்த மேட்டில் பிடித்திருக்கிற நாணும் உள்ளங்காலின் பட்டையும் வெடுக்கென்று இழுத்ததில், எலும்பின் நுனியும் கூடவே பெயர்ந்து வந்துவிட்டது. கணுவில் சுளுக்கு, பாதத்தில் முறிவு, இரண்டும் ஒரே மடக்கில்.

துண்டு விலகாததால் மாவுக்கட்டு வேண்டியிருக்கவில்லை. அடி வளையாத கெட்டிச் செருப்பு, கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது, வலிக்குப் பாராசிட்டமால், வலி விடுகிற அளவுக்கு நடக்கலாம் என்பதுதான் சிகிச்சை. இந்த இடத்து முறிவு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தேறிவிடும். இதே எலும்பில் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கோடு விழுந்தால் கதை வேறு. அதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். அங்கே இரத்த ஓட்டம் குறைவு, கூடுவதற்கு நாளாகும், சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும். ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர், நடனமாடும்போது தன் காலிலேயே பட்ட அடியை வைத்து அதை 1902இல் எழுதினார். மருத்துவருக்கே காலில் பட்டால்தான் தெரிகிறது போலும்.

பத்து வேண்டாம் என்றதில் மாமியாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதும், "இத்துனூண்டா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார்.

இந்த விதிகளை எல்லோர் காலுக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. கால் கோணலாகத் திரும்பியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வந்திருந்தால், பாதம் வெளுத்துச் சில்லிட்டோ மரத்தோ போயிருந்தால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, உடனே கிளம்ப வேண்டும். குடித்திருப்பவருக்கு வலி சரியாகத் தெரியாது. விரல் எலும்பைத் தொடவே முடியாத அளவு வீங்கியிருந்தாலும் அமுக்கிப் பார்ப்பதை நம்ப முடியாது. சிறு பிள்ளைகளுக்கு எலும்பு வளர்கிற குருத்துப் பகுதி இருப்பதால் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். எங்கள் பெரிய மாமனாருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, பாதம் பாதி மரத்துத்தான் இருக்கிறது. அவர் கால் பிசகினால் "வலிக்கலைம்மா" என்றுதான் சொல்வார். அவருக்கு இந்த விதியே கிடையாது, நேராக எக்ஸ்ரேதான்.

விதியில் தேறியவர்களிலும் மிகச் சிலருக்கு முறிவு தப்பிப்போகும். 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அதனால் சுளுக்கு என்று வீட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வது வழக்கம். ஒரு வாரம் ஆகியும் வலி குறையவில்லை, அல்லது காலில் கனம் வைக்க முடியவில்லை என்றால் திரும்பி வாருங்கள், மறுபடி அமுக்கிப் பார்ப்போம். அதற்குள் வீக்கம் வாடிவிடும், எலும்பும் விரலுக்குச் சரியாக அகப்படும்.