உதை எங்கே தெரிந்தது

"உதைக்கும்போது மட்டும் இல்லை சிஸ்டர், சும்மா இருக்கும்போதும் வலிக்கிறது." 34ஆவது வாரத்தில் வந்த அந்தப் பெண் வலது விலாவின் ஓரத்தில் கையை வைத்துக் காட்டினார், அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருமுறை மூச்சு வாங்கினார். குழந்தை மேல்நோக்கி உதைக்கிறது, கருப்பை உதரவிதானத்தை அழுத்துகிறது, முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்ந்து உட்காருங்கள் என்றேன். அன்று மட்டும் நான்கு பேரிடம் அதையே சொல்லியிருந்தேன்.

சொன்னது தவறில்லை. கர்ப்பத்தின் பின்பகுதியில் உதரவிதானம் ஏறக்குறைய 4 செ.மீ. உயர்கிறது, அதற்கு ஈடாகக் கீழ் விலா எலும்புகள் வெளிப்புறமாக விரிவதால் அவற்றின் தசைகளும் இழுபடுகின்றன. போதாக்குறைக்கு, புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக்குவதால் காற்று போதவில்லை என்ற உணர்வு வருகிறது. ஆனால் மூச்சின் எண்ணிக்கை அதிகம் கூடுவதில்லை. அதனால்தான் எண்ணிப் பார்த்தேன்: நிமிடத்துக்கு 18. படுத்தாலும் மூச்சு முட்டவில்லை, நெஞ்சு வலியோ ஒரு காலில் மட்டும் வீக்கமோ இல்லை. ரத்த அழுத்தம் 112/70, சிறுநீரில் புரதமும் இல்லை. இவ்வளவு பார்த்த என்னை அலட்சியக்காரி என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: "உதை அடிவயிற்றில்தான் தெரிகிறது." அதற்கு நான் தலையாட்டினேன். உதை கீழே தெரிகிறது என்றால் விலாவில் முட்டுவது கால் அல்ல என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. முந்தைய வருகையின் குறிப்பில் 'தலை கீழே' என்று எழுதியிருந்தது. தொட்டால் வலிக்கிறது என்று அவர் சொன்னதால் மேல்வயிற்றை நான் அழுத்திப் பார்க்கவும் இல்லை.

36ஆவது வாரத்தில் உடன் பணிபுரியும் மூத்த செவிலியர் அதே இடத்தில் விரல்களைப் பதித்தார். கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் உடலை இழுக்காமல் தனியே அசையும் ஒன்று அகப்பட்டது: தலை. ஸ்கேனும் அதையே காட்டியது.

இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்தால் என்ன மாறியிருக்கும்? அந்த வாரத்தில் குழந்தை தானாகத் திரும்ப இடமுண்டு. வெளியிலிருந்து திருப்பிப் பார்ப்பதும் 36, 37ஆவது வாரத்தில்தான். தலையணை யோசனையும் அதேதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று. இருந்தும், உதையோடு சேராத, உட்காரும் விதம் மாறினாலும் விடாத வலி கல்லீரலிலிருந்தும் வரக்கூடும் என்பதும், கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் உயரும் நோயான பிரீ-எக்லாம்ப்சியாவின் கடும் வகைகளில் சில நேரம் ரத்த அழுத்தம் ஏறுமுன்பே அந்த வலி தோன்றும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரிடம் கேட்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் வலி குறைகிறதா என்றுகூடக் கேட்கவில்லை. குறையும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கால் இல்லையாம் சிஸ்டர், தலையாம்" என்றார். நான் மறுபடியும் தலையாட்டினேன்.