பத்துக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில்

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் பார்க்கும் வேலையில் இருந்தபோது, எங்கள் குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்தது விரல்நகம் அளவு தாள் சதுரம் ஒன்றின் நிறத்தைப் பற்றித்தான். அந்த நிறம் ஒருவருக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக், இன்னொருவருக்கு 25. இரண்டு பேர் கண்ணிலும் குறை கிடையாது.

பம்படியிலேயே சோதிக்க நாங்கள் கொண்டுபோகும் சோதனைப் பெட்டிதான் கிட். அதில் நடப்பது எளிமையானது. 50 மில்லி தண்ணீரை அதற்கான குப்பியில் எடுத்து டார்டாரிக் அமிலம் போடுவோம். அடுத்த பொட்டலம் தண்ணீரில் இருக்கும் சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். அதற்கு இரண்டு நிமிடம் விட்டு, துத்தநாகத்தூளைக் கொட்டி, அந்தத் தாள் சதுரம் இருக்கும் பட்டையைச் செருகிய மூடியை உடனே போட்டுவிட வேண்டும். ஹைட்ரஜன் கொப்பளிக்கும்போது ஆர்சனிக் ஆர்சீன் வாயுவாக மாறி மேலே வந்து, மெர்க்குரிக் புரோமைடு தடவிய தாளில் படும். வெள்ளைத் தாள் மஞ்சளாகும், ஆர்சனிக் கூடக்கூடப் பழுப்பாகும். ஆர்சீன் விஷவாயு, ஹைட்ரஜன் தீப்பற்றும். அதனால் எப்போதும் திறந்தவெளியில்தான், பீடிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் செய்வோம்.

எங்கள் கிட்டுக்குப் பத்து நிமிடம். நேரம் ஆனதும் பட்டையை எடுத்து, நிறத்துக்கு நிறம் எண் போட்ட அட்டையோடு ஒப்பிட வேண்டும், வைத்திருந்து பார்க்கக் கூடாது. வெயிலில் வெளிர் மஞ்சள் கண்ணுக்கே தெரியாது. மரத்தடியும் சரிவராது, இலைப்பச்சை தாளில் விழுந்து மஞ்சளை மாற்றிக் காட்டும். கட்டடத்தின் நிழல்தான் நல்லது. தண்ணீர் தெறித்து நனைந்த பட்டையைப் படிக்கவே கூடாது, மறுபடி செய்ய வேண்டியதுதான். மஞ்சளோ பழுப்போ இல்லாமல் சாம்பல் கலந்த கருப்பு வந்தால், அழுகிய முட்டை வாடை அடிக்கிற பம்பா என்று கேட்போம். சல்பைடு முழுதாக அடங்கவில்லை என்று அர்த்தம். அந்தப் பட்டைக்கு எண் கொடுப்பதில்லை.

பட்டை 200-ஐக் காட்டினால் பிரச்சினையே இல்லை. அது நிஜத்தில் 150-ஆக இருந்தாலும் 260-ஆக இருந்தாலும் குடிக்கக் கூடாது, அன்றே சொல்லிவிடலாம். ஆய்வகத் தாளுக்காக ஒரு குடும்பத்தைக் காக்கவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிக்கல் கீழ்ப்பக்கத்தில். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். பக்கத்து வங்காளதேசத்தில் 50. 50-ஐ ஒட்டிய நிறங்களை ஓரளவு பிரித்துப் பார்த்துவிடலாம். 0-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசமோ லேசான தந்த நிறம் மட்டும். அதனால் 10, 25 என்று படித்தவை எல்லாம் ஆய்வகத்துக்குப் போகும். சுற்றிலும் பழுப்பு வரும் தெருவில் ஒரு பம்பு மட்டும் வெள்ளையாக நின்றாலும் போகும், பள்ளிக்கூடப் பம்பு வெள்ளை காட்டினாலும் போகும். இவற்றில் ‘இல்லை’ என்று தப்பாகச் சொன்னால் அதை நம்பி எல்லோரும் குடிப்பார்கள்.

ஆனால் ஆய்வகம் சொன்னதாலேயே அது சரி என்றும் ஆகாது. ஒரு முறை நாங்கள் 50 என்று படித்த பம்புக்கு 12 என்று அறிக்கை வந்தது. கிட் காலை வாரிவிட்டது என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். மிச்சத் தண்ணீரோடு ஆய்வகத்தில் இருந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தால், அடியில் செம்பழுப்பு வண்டல்.

அந்தப் பகுதித் தண்ணீரில் இரும்பு அதிகம். பம்பிலிருந்து வரும்போது கரைந்து தெளிவாக இருக்கும், காற்று பட்டதும் துருவாகப் படியும். படியும்போது ஆர்சனிக்கையும் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். அதைத் தடுக்கத்தான் எடுத்த உடனே பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, பிஎச் 2-க்குக் கீழே கொண்டுவருகிறோம். மாதிரி எடுத்த குழு அமிலம் சேர்க்கவில்லை. ஆய்வகம் அளந்தது மேலே தெளிந்திருந்த தண்ணீரை. இயந்திரம் பொய் சொல்லவில்லை, பாட்டிலில் இருந்ததைச் சொன்னது. பம்பை நன்றாக அடித்து, குழாயில் தேங்கியிருந்தது போன பிறகு புதிதாகப் பிடித்து, அங்கேயே அமிலம் விட்டு அனுப்பினோம். 58 வந்தது.

இதே காரணத்தால்தான் வீட்டுக்காரம்மா அன்போடு கொண்டுவந்து தரும் குடத்துத் தண்ணீரைச் சோதிப்பதில்லை. ராத்திரி முழுக்க நின்று தெளிந்த குடத்தில், பம்பில் இருப்பதைவிட ஆர்சனிக் குறைவாகத்தான் தெரியும். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். “பௌதி, பம்பிலிருந்தே பிடிக்கிறோம்” என்று அண்ணி முறை வைத்துச் சொல்லிவிட்டு அடிக்க ஆரம்பித்துவிடுவோம்.

அப்புறம் அறிக்கையில் பட்டையின் எண்ணோடு, அதைப் படித்த இருவர் பெயரையும் தனித்தனியாக எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம். முதலாமவர் சொன்னதைக் கேட்டுவிட்டால் இரண்டாமவர் கண்ணுக்கும் அதே நிறம்தான் தெரிகிறது. அதனால் இருவரும் பேசாமல் எழுதிக்கொண்டு, பிறகு காட்டுவோம். எண்கள் ஒத்துப்போகாத பம்புகளுக்கு அமிலம் விட்ட பாட்டில் தயாராக இருக்கும்.