ஏலகிரி முகாமும் 33 பெண் குழந்தைகளுக்கான கட்டில் கணக்கும்

கோடை முகாமுக்கு அறை ஒதுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சமையல், பஸ், மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருந்தது அதுதான். ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

எட்டிலிருந்து பதினான்கு வயது வரை 58 பிள்ளைகள், ஏலகிரியில் இரண்டு இரவு. பெண்கள் பக்கம் மூன்று கூடம், ஆண்கள் பக்கம் இரண்டு. கூடத்துக்கு இரண்டு பெரியவர்கள் கூடவே படுக்க வேண்டும். ஒருவர் மட்டும் தனியாகப் படுப்பது எங்கள் குழுவில் கிடையாது, அதில் பேச்சே இல்லை. பையன்கள் 25 பேருக்கும் அரை மணி நேரத்தில் இடம் போட்டுவிட்டேன். நண்பன் பெயர் எழுதும் இடத்தில் பாதிப் பேர் "யாரா இருந்தாலும் ஓகே" என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் வாழ்க.

முதல் அடி படிவத்திலேயே விழுந்தது. போன வருடப் படிவத்தையே அனுப்பியிருந்தோம், அதில் ஆணா பெண்ணா என்ற கேள்வி இல்லை. போன வருடம் பகல் முகாம், தேவைப்படவில்லை. பெயரைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று பிரித்தேன். மதி என்ற பெயரைப் பெண்கள் பட்டியலில் போட்டேன். பட்டியல் சரிதானா என்று வீடு வீடாகப் போன் செய்தபோது, "மேடம், அவன் பையன். மதியழகன்" என்றார் அப்பா. அன்றே கிருபா, ஜோதி இரண்டையும் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்தது பிறந்த தேதி. தேதியைக் கையால் தட்டும்படி விட்டிருந்தோம். ஷீட்டில் அமெரிக்க முறை இருந்ததால் 06/05 என்று எழுதியதை ஜூன் 5 என்று எடுத்துக்கொண்டது. 23/05 என்றால் அதற்குப் புரியாது, அப்படியே வெறும் எழுத்தாக விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரே பத்தியில் சில தேதிகள் வலது ஓரமும் சில இடது ஓரமும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். மொழி அமைப்பை இந்தியா என்று மாற்றினால் இனி வருவதுதான் சரியாகும், ஏற்கெனவே தப்பாக மாறியது மாறியதுதான். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன்.

சரி, இப்போது பெண்கள் கணக்கு. 33 பேர். மூன்று கூடத்துக்கும் மொத்தம் 42 கட்டில் என்று காவலாளி போனில் சொன்னார், கூடத்துக்கு 14 என்று நான் பிரித்துக்கொண்டேன். இரண்டு பெரியவர்கள் போக 12. எட்டு, ஒன்பது வயதில் ஒன்பது பேர். பத்து, பதினொன்றில் பதின்மூன்று. பன்னிரண்டுக்கு மேல் பதினொன்று. நடுக்கூடத்தில் ஒருத்தி அதிகம். பெரியவளை மேலே ஏற்றலாம் என்றால், அவளும் இன்னொருத்தியும் ஒருவரையொருவர் எழுதியிருந்தார்கள். இருவரையும் ஏற்றினால் மேல் கூடம் பதின்மூன்று ஆகிவிடும். அதனால் கீழிருந்து பார்த்தேன். நடுக்கூடத்தில் மிகச் சின்னவளுக்குப் பத்து வயது இரண்டு மாதம், அவள் எழுதிய தோழிக்குப் பத்து வயது ஐந்து மாதம். இருவரையும் சேர்த்து சின்னவர்களோடு போட்டேன். 11, 11, 11. அன்று நானே எனக்கு ஒரு காபி போட்டுக்கொண்டேன். முடிந்த வயதை மட்டும் பார்த்திருந்தால் இந்த வழி கண்ணில் பட்டிருக்காது. பிறந்த மாதத்தைப் பாருங்கள்.

ஆனால் உண்மையான தலைவலி தோழிகள்தான். "உடன் தங்க விரும்பும் தோழிகள்" என்று பன்மையில் கேட்டது என் தப்பு. சிலர் ஐந்து பெயர் எழுதியிருந்தார்கள். ஒரே பெண்ணை ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள், அவள் அந்த ஒன்பதில் ஒருத்தியைத்தான் கேட்டிருந்தாள். "ஹரிணி" என்று எழுதிய நால்வருக்கு எந்த ஹரிணி வேண்டும் என்று எனக்குத் தெரியாது, முகாமில் இரண்டு ஹரிணி.

கடைசியில் ஷீட்டை மூடிவிட்டு சார்ட் பேப்பரில் பெயர்களை எழுதி அம்பு போட்டேன். இரு பக்கமும் அம்பு இருந்தால் சிவப்பு. சிவப்பை முதலில் ஒரே கூடத்தில் போட்டேன், பிறகு ஒரு பக்க அம்புகளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் எழுதியதில் ஒரு பெயராவது கிடைக்கும். இரண்டாவது கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரே பள்ளிக்கூடத்து நாலு பேருக்கு மேல் ஒரு கூடத்தில் சேராமலும் பார்த்துக்கொண்டேன், சேர்ந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். யாரையும் எழுதாத, யாரும் எழுதாத இரண்டு பெண்கள் இருந்தார்கள். வயது ஒன்று; பக்கத்துப் பக்கத்துக் கட்டில் கொடுத்தேன்.

அப்புறம் செய்யக்கூடாததைச் செய்தேன். பட்டியலை வாட்சப் குழுவில் போட்டேன். கிளம்ப இரண்டு நாள் இருந்தது. "அவங்க பொண்ணுக்கு மூணு பேர் கிடைச்சிருக்கு, எங்க பொண்ணுக்கு மட்டும் ஒண்ணா?" என்று ஆரம்பித்தது, இரவு பதினொன்று வரை ஓயவில்லை. கூடத்து வாசலில் நின்று பெயர் கூப்பிட்டால் போதும். பிள்ளைகள் பையைப் போட்டு ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பட்டியலால்தான் ஒரு நல்லதும் நடந்தது. மறுநாள் காலை ஒரு அம்மா தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். தன் மகள் யாருடைய பெயரைத் தோழி என்று எழுதினாளோ, அந்தப் பெண்தான் பள்ளியில் அவளை ஒதுக்கி வைத்துக் கேலி செய்கிறவளாம். படிவம் நிரப்பும்போது பக்கத்திலேயே நின்றிருந்தாளாம். என் சார்ட்டில் அந்த அம்பு சிவப்பில் இருந்தது.

மகளுக்குப் பதினொரு வயது எட்டு மாதம். அவள் எழுதிய இன்னொரு பெயர், அடுத்த வீட்டு அக்கா, மேல் கூடத்தில் இருந்தாள். மேல் கூடத்தில் மிகச் சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது ஒரு மாதம். அவள் முதலில் கேட்ட தோழி நடுக்கூடத்தில்தான் இருந்தாள். இருவரையும் மாற்றினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு "கட்டில் கணக்கு" என்று மட்டும் சொன்னேன். அடுத்த முறை படிவத்தில் பெற்றோர் மட்டும் பார்க்கும்படி "யாரோடு சேர்க்க வேண்டாம்" என்று ஒரு கேள்வி இருக்கும். படுக்கையை நனைக்கிற பிள்ளையா, தூக்கத்தில் நடக்கிற பிள்ளையா என்றும் அதிலேயே கேட்டுவிடலாம். நனைக்கிறவர்களுக்குக் கழிவறைக்குப் பக்கத்துக் கட்டில்.

ஜோலார்பேட்டையில் இறங்கி, பதினான்கு கொண்டை ஊசி வளைவும் ஏறி, நாலு பேர் வாந்தி எடுத்து, மேலே போய்ச் சேர்ந்தோம். சின்னவர்கள் கூடத்தைத் திறந்தால் பதினொரு கட்டில்தான் இருந்தது. மீதி மூன்று எங்கே என்றால் காவலாளி தலையைச் சொறிந்தார். பதினொரு பிள்ளை, பதினொரு கட்டில். மற்ற இரண்டு கூடத்திலும் ஒவ்வொரு கட்டில் காலி, ஆனால் யாரை அனுப்பினாலும் ஒரு சிவப்பு அம்பு அறுந்துவிடும். நானும் இன்னொரு அக்காவும் ஜமுக்காளத்தை விரித்துத் தரையில் படுத்தோம். மே மாதமானாலும் ஏலகிரியில் ராத்திரி தரை குளிர்கிறது. இன்னும் இடுப்பு வலிக்கிறது.

கிளம்பும் நாள் காலை, டீ வாங்கச் சமையற்கட்டுப் பின்பக்கம் போனேன். மூன்று கட்டில்களும் சுவரில் சாய்ந்து நின்றன, ஒன்றின் மேல் துணி காய்ந்துகொண்டிருந்தது. காவலாளியைப் பார்த்தேன்.

"நீங்க கூடத்துல எத்தனைன்னு கேக்கலையேம்மா, மொத்தக் கணக்குதானே கேட்டீங்க" என்றார்.