லயத்து வீட்டு ஹால்: பாயிண்ட் கிளவுட்ல இருந்து அளவெடுத்த மாடல் வரைக்கும்

சுங்கை சிப்புட் பக்கம் பெரியம்மாவோட பழைய எஸ்டேட் வீட்டு ஹால்ல கபினெட் போடணும்னு பேச்சு வந்துச்சு, அதான் ஐபோன் லைடார்ல ஸ்கேன் பண்ணி, வந்த புள்ளிக் கூட்டத்த, அதாவது பாயிண்ட் கிளவுட்ட, PLY ஃபைலா எடுத்து CloudCompare-ங்கிற சாஃப்ட்வேர்ல திறந்து உக்காந்தேன். தனியாத் தெறிச்சு நிக்கிற புள்ளிங்கள நீக்குற SOR ஃபில்டர் ஓட்டுனதும் அந்தரத்துல தொங்குன புள்ளிங்க முக்காவாசி போயிடுச்சு. வேலை வாங்குனது சுவருதான்.

இந்த வீடுங்க எப்படின்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், இடுப்பளவு செங்கல், மேல பலகை. ஜன்னல் தெரியணும்னு 1.2 மீட்டர் உயரத்துல Cross Section வெச்சு மெல்லிசா ஒரு ஸ்லைஸ் வெட்டுனேன், அகலம் 3.60 மீட்டர் வந்துச்சு, அரை மீட்டர் உயரத்துல வெட்டுனா 3.52! ஸ்கேன் கெட்டுப் போகல லா, செங்கல் ரெண்டு பக்கமும் பலகைய விட 4 சென்டி உள்ள வந்து நிக்குது. தரைல நிக்கிற கபினெட்டுக்கு 3.52 தான் கணக்கு, அதனால கீழ் சுவர், மேல் சுவர்னு தனித்தனியாவே வரைஞ்சேன்.

ஸ்லைஸ்ல பாத்தா சுவரு ஒரு கோடாத் தெரியாது, 2 சென்டி தடிப்புல புள்ளிப் பட்டையாத்தான் தெரியும். அதோட ஓரத்த புடிச்சு அளந்தா ரூம் பெருசாவோ சின்னதாவோ ஆயிடும். காலண்டர், கர்ட்டன் எதுவும் இல்லாத வெறும் சுவத்துத் துண்ட மட்டும் வெட்டி எடுத்து Tools > Fit > Plane குடுத்தா பட்டையோட நடுவுல ஒரு தளம் உக்காரும், புள்ளிங்க அந்தத் தளத்துல இருந்து எவ்வளவு விலகி நிக்குதுன்னு சொல்ற RMS 6 மில்லி வந்துச்சு, போன் ஸ்கேனுக்கு அது நல்லாவே போதும். வாசல் பக்கச் சுவர்ல மட்டும் ரெட்டைக் கோடு, அதாவது நடந்துக்கிட்டே ஸ்கேன் பண்றப்ப போன் தன் இடத்த கொஞ்சம் தப்பா கணிச்சு அதே சுவர ரெண்டு தடவ போட்டிருக்கு. அதுல தளம் பொருத்துனா இல்லாத ஒரு நடுச்சுவர்தான் கிடைக்கும், அந்தப் பக்கத்த மட்டும் மெதுவா மறுபடி ஸ்கேன் பண்ணி சேத்துக்கிட்டேன்.

அடுத்து மூலை. ரெண்டு தளத்துக்கும் நடுவுல கோணம் 91 டிகிரி. நம்பாம டேப்புல மூலைக்கு மூலை குறுக்கு அளவு எடுத்தேன், ஒண்ணு 5.57, இன்னொண்ணு 5.48, ஹால் கோணல்தான். கபினெட் போடுற அண்ணன்கிட்ட காட்டுனா, "தம்பி, 90னு நேராக்கிக் குடுத்துடாத, 60 சென்டி ஆழத்துல எனக்கு ஒரு சென்டி சந்து விழுந்துடும், கோணல அப்படியே குடு"ன்னாரு.

மாடல் வரையுற சாஃப்ட்வேரான FreeCAD-க்கு கொண்டு போறதுக்கு முன்ன CloudCompare-லயே ஆயிரத்தால பெருக்கிடுங்க, புள்ளிங்க மீட்டர்ல இருக்கும், FreeCAD அத மில்லின்னு எடுத்துக்கும், ஹால் நெல்லு மணி சைஸுக்கு வந்து நிக்கும்! அங்க ஸ்கெட்ச்ல கோடு போட்டு மாடல முடிச்சேன், சரிபாக்க லேசர் மீட்டர்ல அளந்தா கீழ் அகலம் 3.515, மாடல்ல 3.52. சீலிங் கிடையாது, தகரந்தான், அதனால மாடல உத்தரத்தோட நிறுத்திட்டேன்.